பத்து வயசுப் பையனும் சின்னக் கோடும்



நம்ம பிள்ளைகளின் இங்கிலீஸ் கொப்பியைத் திறந்தால் ஒரு வகைப் பயிற்சி அடிக்கடி கண்ணில் படும். மேலே ஒரு முழு வசனம் இருக்கும். கீழே பாதி வசனம் இருக்கும். மேலே உள்ளதன் கருத்து மாறாமல் கீழே உள்ள பாதியை முடிக்கச் சொல்வார்கள். இதற்கு வசனத்தை மாற்றி எழுதுதல் என்று பெயர். இந்தப் பயிற்சியில் பிள்ளைகள் அதிகமாகப் புள்ளியை விடுகிற ஓர் இடத்தைப் பற்றி மட்டும் இந்த முறை எழுதுகிறேன். அது சொற்களுக்கு நடுவில் போடுகிற சின்ன இணைப்புக் கோடு. இங்கிலீஸில் இதை ஹைபன் என்பார்கள்.

இங்கிலீஸ் எழுத்து வாசிக்கத் தெரியாத தாய் தகப்பன்மாரும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, இங்கிலீஸ் வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள், பிள்ளை இங்கிலீஸ் எழுத்தில் எழுதட்டும். கோடு எங்கே வருகிறதோ, அங்கேயே நானும் போட்டிருக்கிறேன்.

கேள்வி என்ன கேட்கிறது?

மேலே உள்ள வசனம் இது:

த போய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்.

பையனுக்குப் பத்து வயசு என்று அர்த்தம். கீழே "ஹீ இஸ் எ..." என்று தொடங்கி இடம் விட்டிருக்கும். சரியான விடை:

ஹீ இஸ் எ டென்-இயர்-ஓல்ட் போய்.

அவன் ஒரு பத்து வயசுப் பையன் என்று அர்த்தம். ஆனால் நிறையப் பிள்ளைகள் "ஹீ இஸ் எ டென் இயர்ஸ் ஓல்ட் போய்" என்று எழுதுகிறார்கள். மேலே இருந்ததை அப்படியே தூக்கிக் கீழே வைத்து, பின்னால் போய் என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். இதில் இரண்டு பிழை இருக்கிறது. இயர்ஸ் என்பதில் உள்ள எஸ் போகவில்லை. மூன்று சொல்லையும் கட்டுகிற இரண்டு கோடும் வரவில்லை.

தமிழில் இதை நாம் தினமும் செய்கிறோம்

பிள்ளைக்கு இதை விளக்க இங்கிலீஸ் இலக்கணப் புத்தகம் வேண்டாம். நாம் பேசுகிற தமிழே போதும்.

"அவனுக்குப் பத்து வயசு" என்று சொல்லும்போது வயசு என்ற சொல் தனியாக நிற்கிறது. "பத்து வயசுப் பையன்" என்று சொல்லும்போது அது பையனோடு ஒட்டிக்கொள்கிறது. நடுவில் ஒரு "ப்" வருகிறது பாருங்கள். மூன்று மணித்தியாலப் பயணம் என்றால் அங்கேயும் ஒரு "ப்". இரண்டு மாடிக் கட்டடம் என்றால் ஒரு "க்". முன்னால் உள்ள சொற்கள் தனியாக நிற்கவில்லை, பின்னால் வருகிற பொருளோடு சேர்ந்துவிட்டன என்று அந்த ஒற்று காட்டுகிறது.

இங்கிலீஸில் ஒற்று கிடையாது. சேர்ந்துவிட்டன என்று காட்ட அவர்கள் கோடு போடுகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. நம்முடைய ஒற்று, வயசு என்ற சொல்லுக்கும் பையன் என்ற சொல்லுக்கும் நடுவில் வருகிறது. இங்கிலீஸ்காரர் கோடு முன்னால் உள்ள சொற்களைத் தங்களுக்குள்ளேயே ஒரே கட்டாகக் கட்டுகிறது. டென், இயர், ஓல்ட் மூன்றும் ஒரு கட்டு. அந்தக் கட்டுக்கும் போய் என்ற சொல்லுக்கும் நடுவில் கோடு வராது, இடைவெளிதான் வரும். சில பிள்ளைகள் ஆர்வத்தில் கடைசிச் சொல்லையும் கோடு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அது பிழை.

எஸ் ஏன் போகிறது என்பதும் தமிழை வைத்தே விளங்கும். பத்து வயசுப் பையன் என்றுதான் சொல்கிறோம், பத்து வயசுகள் பையன் என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலீஸிலும் அதே கதைதான். பொருளுக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்லுகிற சொல்லுக்கு அவர்கள் பன்மை போடுவதில்லை. சிவப்புப் பூக்கள் என்றால் ரெட் ஃப்ளவர்ஸ். எஸ் பூவில் மட்டும் வரும், சிவப்பில் வராது. டென்-இயர்-ஓல்ட் என்று கட்டியவுடன் அந்தக் கட்டும் சிவப்பு மாதிரி ஒரு சொல்லாகிவிடுகிறது. அதனால்தான் உள்ளே இருந்த எஸ் கழன்று போகிறது.

பையன்கள் பல பேர் என்றால் எஸ் கடைசியில் உள்ள பையனுக்குப் போகும். டென்-இயர்-ஓல்ட் போய்ஸ் என்று வரும். எஸ் போடாமலே பன்மை காட்டுகிற சொற்களும் இந்த விதிக்குள் அடங்கும். ஓர் அடி என்றால் ஃபுட், பல அடி என்றால் ஃபீட். ஆனால் ஆறடிச் சுவர் என்று கட்டும்போது சிக்ஸ்-ஃபுட் வோல் என்றுதான் வரும், ஃபீட் வராது.

முன்னேஸ்வரம் திருவிழாவை வைத்து ஒரு கணக்கு

இனி ஒரு வசனத்தை எடுத்துப் படிப்படியாகச் செய்து பார்ப்போம். நம்ம புத்தளம் கரையோரத்தில், சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம் கோயில் இருக்கிறது. ஆவணி மாதத்தை ஒட்டி நடக்கிற அதன் பெரிய திருவிழா நாலு கிழமை நீடிக்கும். கேள்வி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

த ஃபெஸ்டிவல் லாஸ்ட்ஸ் ஃபோர் வீக்ஸ்.
இட் இஸ் எ...

முதலில் எண்ணையும் அளவையும் தேடிப் பிடிக்க வேண்டும். எண் ஃபோர், அளவு வீக்ஸ். அடுத்தது அளவில் உள்ள எஸ்ஸைக் கழற்றி, இரண்டையும் ஒரு கோட்டால் கட்ட வேண்டும். ஃபோர்-வீக் என்று வரும். மூன்றாவது, எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோமோ அதைப் பின்னால் வைக்க வேண்டும். அது ஃபெஸ்டிவல், திருவிழா. விடை:

இட் இஸ் எ ஃபோர்-வீக் ஃபெஸ்டிவல்.

லாஸ்ட்ஸ் என்ற சொல் எங்கே போனது என்று பிள்ளை கேட்கும். நீடிக்கும் என்பதுதான் அதன் அர்த்தம். நாலு கிழமைத் திருவிழா என்று சொல்லிவிட்டால் நீடிப்பது அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் அந்தச் சொல் விழுந்துவிடும். "டேக்ஸ்", "ஹாஸ்", "வெய்ஸ்" என்று வருகிற வினைச்சொற்களும் இதே மாதிரி விழுந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பத்து வயசுப் பையனைப் பாடமாக்கிய பிள்ளை, எல்லா இடத்திலும் ஓல்ட் வர வேண்டும் என்று நினைத்து "எ ஃபோர்-வீக்-ஓல்ட் ஃபெஸ்டிவல்" என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் அது பிறந்து நாலு கிழமையான திருவிழா என்று ஆகிவிடும். கட்டுக்குள் எத்தனை சொல் வரும் என்பதை மேலே உள்ள வசனம்தான் சொல்ல வேண்டும். அங்கே ஓல்ட் இருந்தால் கட்டுக்குள்ளும் ஓல்ட் வரும், கோடு இரண்டாகும். அங்கே இல்லையென்றால் எண்ணும் அளவும் மட்டும்தான், கோடு ஒன்று.

ஓல்ட் வருகிற கேள்விக்குக் கல்பிட்டிக் கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் அந்தக் கோட்டையை 1667ஆம் ஆண்டு கட்டத் தொடங்கினார்கள். இன்றைக்கு 350 வருசத்துக்கு மேலாகிவிட்டது. கணக்குக்காக 350 என்றே வைத்துக்கொள்வோம்.

த ஃபோர்ட் இஸ் 350 இயர்ஸ் ஓல்ட்.
இட் இஸ் எ 350-இயர்-ஓல்ட் ஃபோர்ட்.

எண்ணை எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் எழுதினாலும் கோட்டை விடக்கூடாது.

முன்னால் வருகிற "எ" மாறுகிற இடம்

கட்டைச் சரியாகக் கட்டிய பிறகும் அரைப் புள்ளி போகிற இடம் ஒன்று உண்டு. ஒன்று என்பதைக் காட்ட இங்கிலீஸில் சில இடத்தில் "எ" வரும், சில இடத்தில் "ஆன்" வரும். பையனுக்கு "எ போய்" என்று பழகிய பிள்ளை கட்டுக்கு முன்னாலும் "எ" தான் போடும். ஆனால் கட்டு நடுவில் வந்த பிறகு பையனைப் பார்த்துப் பிரயோசனமில்லை. பக்கத்தில் நிற்கிற எண் எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

எட்டு என்பது எய்ட், உயிர்ச் சத்தத்தில் தொடங்குகிறது. அதனால் "ஆன் எய்ட்-இயர்-ஓல்ட் போய்". பதினொன்று, பதினெட்டு, எண்பது ஆகிய மூன்றும் இப்படித்தான், இலெவன், எய்ட்டீன், எய்ட்டி. ஒன்று மட்டும் ஏமாற்றும். அதை இங்கிலீஸ் எழுத்தில் ஓ என்ற எழுத்தால் தொடங்குகிறார்கள், ஆனால் வாயில் வருவது வன். சத்தம்தான் கணக்கு. அதனால் "எ வன்-இயர்-ஓல்ட் சைல்ட்" என்பதே சரி.

ஒரு கோடு இடம் மாறினால்

இவ்வளவு சின்னக் கோட்டுக்காக ஏன் புள்ளி குறைக்கிறார்கள் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். புள்ளியை விடுங்கள், கோடு இடம் மாறினால் காசே மாறும். நூறு ரூபா நோட்டும் ஐந்நூறு ரூபா நோட்டும் நம்ம கையில் புழங்குகிறவை. இந்த இரண்டையும் வாசித்துப் பாருங்கள்:

ஃபைவ் ஹன்ட்ரட்-ருப்பீ நோட்ஸ்.
ஃபைவ்-ஹன்ட்ரட்-ருப்பீ நோட்ஸ்.

வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று போலவே கேட்கும். முதலாவதில் கோடு நூறுக்கும் ரூபாவுக்கும் நடுவில் மட்டும் இருக்கிறது. ஃபைவ் தனியாக நிற்கிறது. அதாவது நூறு ரூபா நோட்டு ஐந்து. மொத்தம் 500 ரூபா. இரண்டாவதில் மூன்று சொல்லும் ஒரே கட்டு. அதாவது ஐந்நூறு ரூபா நோட்டுகள். எத்தனை நோட்டு என்று அது சொல்லவே இல்லை. நாலு நோட்டு என்றால் "ஃபோர் ஃபைவ்-ஹன்ட்ரட்-ருப்பீ நோட்ஸ்" என்று எழுத வேண்டும். மொத்தம் 2,000 ரூபா. ரசீதோ கணக்கோ எழுதும்போது குழப்பம் வராமல் இருக்க, கட்டுக்குள் வருகிற எண்ணை இலக்கத்தில் எழுதுவது நல்லது. "ஃபைவ் 100-ருப்பீ நோட்ஸ்" என்றால் யாரும் பிழையாக வாசிக்க முடியாது.

பிள்ளைக் காம்பராவில் இது இன்னும் பெரிய காரியம். "டூ-இயர்-ஓல்ட் சில்ட்ரன்" என்றால் இரண்டு வயசுப் பிள்ளைகள். முதல் கோட்டை விட்டு "டூ இயர்-ஓல்ட் சில்ட்ரன்" என்று எழுதினால் ஒரு வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர். அல்பென்டசோல் என்ற பூச்சி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு வயசு முடிந்து இரண்டு வயசாகாத பிள்ளைக்கு 200 மில்லிகிராம் என்றும், இரண்டு வயசு முடிந்த பிள்ளைக்கு 400 மில்லிகிராம் என்றும் அளவு சொல்லியிருக்கிறது. ஒன்று மற்றதில் பாதி. பிள்ளைகளின் வயசை இங்கிலீஸில் குறித்து வைக்கிற துண்டில் அந்தக் கோடு விழுந்துபோனால், வாசிக்கிறவர் எந்த அளவை எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாதிரித் துண்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரே பிறந்த திகதியை எழுதுவதுதான் பாதுகாப்பு.

லீவு கேட்கும் கடிதத்தில் கோடு இல்லை

பாடசாலையை விட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதிகமாக எழுதுகிற இங்கிலீஸ் கடிதம் லீவுக் கடிதம். இதுவரை படித்ததை வைத்து "ஐ நீட் எ த்ரீ-டே லீவ்" என்று எழுதத் தோன்றும். ஆனால் வழக்கம் அப்படி இல்லை. லீவ் என்ற சொல்லை இங்கிலீஸில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வழக்கமில்லை. அதனால் முன்னால் "எ" வராது. "ஐ நீட் த்ரீ டேய்ஸ் லீவ்" என்று எழுதுவார்கள். இங்கே டேய்ஸ் என்பதில் எஸ் இருக்கும், கோடு இருக்காது. எஸ்ஸுக்குப் பிறகு மேலே ஒரு கொம்பு மாதிரிக் குறி வரும். மூன்று நாளினுடைய லீவு என்று அதற்கு அர்த்தம். இரண்டு கிழமைச் சம்பளம் என்பதும் இதே மாதிரிதான், "டூ வீக்ஸ் வேஜஸ்", வீக்ஸ் என்பதன் எஸ்ஸுக்குப் பிறகு கொம்பு.

எண்ணக்கூடிய பொருள் வந்தால் திரும்பவும் கோடுதான். பயிற்சி வகுப்பு ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடியது. அதனால் மூன்று நாள் பயிற்சி வகுப்பு "எ த்ரீ-டே கோர்ஸ்" ஆகும்.

பெற்றோர் திருத்திப் பார்க்கிற முறை

இங்கிலீஸ் தெரியாவிட்டாலும் கொப்பியைப் பார்த்து நாலு விசயத்தைப் பிடித்துவிடலாம்.

முதலாவது, கோடுகளை எண்ணுங்கள். கட்டில் இரண்டு சொல் என்றால் ஒரு கோடு, மூன்று சொல் என்றால் இரண்டு கோடு. கோடு எப்போதும் சொல்லை விட ஒன்று குறைவாக இருக்கும். பிள்ளைகள் முதல் கோட்டைப் போட்டு இரண்டாவதை மறந்துவிடுவதுதான் அதிகம்.

இரண்டாவது, பாம்பு மாதிரி வளைந்த எஸ் எழுத்தைத் தேடுங்கள். கட்டுக்குள் உள்ள அளவுச் சொல்லின் கடைசியில் அது இருந்தால் பிழை. சொல்லின் தொடக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. ஆறு என்ற எண்ணே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, கட்டுக்குப் பின்னால் ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டோடு வசனம் முடிந்து முற்றுப்புள்ளி வந்திருந்தால் சந்தேகப்படலாம். "த போய் இஸ் டென்-இயர்-ஓல்ட்" என்று எழுதியிருக்கும். அது பிழை. பின்னால் பொருள் இல்லையென்றால் கட்டு அவிழ்ந்துவிடும், கோடு போகும், எஸ் திரும்பி வரும், "த போய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்" என்று ஆகும். இதற்கு ஒரே விலக்கு, ஆளையே அந்தக் கட்டால் குறிப்பிடும்போது. பத்து வயசுக்காரன் ஒருவன் என்பதை "எ டென்-இயர்-ஓல்ட்" என்று மட்டும் சொல்லலாம். அப்போது முன்னால் "எ" இருக்கும்.

நாலாவது, கோடு சின்னதாக, இரண்டு பக்கச் சொல்லையும் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். இரு பக்கமும் இடைவெளி விட்டு நீளமாக இழுத்தால் அது வசனத்தைப் பிரிக்கிற வேறு குறியாகிவிடும். ஒன்று கட்டுகிறது, மற்றது பிரிக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க

கீழே ஐந்து வசனம் தருகிறேன். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

1. த ஜேர்னி டேக்ஸ் த்ரீ அவர்ஸ். (பயணம் மூன்று மணித்தியாலம் எடுக்கும்.)
2. த கேர்ள் இஸ் இலெவன் இயர்ஸ் ஓல்ட். (பிள்ளைக்குப் பதினொரு வயசு.)
3. த பேக் ஒஃப் சோல்ட் வெய்ஸ் ஃபிஃப்ட்டி கிலோஸ். (உப்பு மூட்டை ஐம்பது கிலோ நிறை.)
4. த ஸ்கூல் பில்டிங் ஹாஸ் டூ ஸ்டோரீஸ். (பாடசாலைக் கட்டடத்துக்கு இரண்டு மாடி.)
5. நுரைச்சோலையில் உள்ள லக்விஜய நிலக்கரி மின்நிலையத்தில் மூன்று இயந்திரத் தொகுதி இருக்கின்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவொட். மொத்தம் 900 மெகாவொட். மின்நிலையத்தை ஒரு கட்டாலும், மூன்று தொகுதிகளை இன்னொரு கட்டாலும் எழுதுக.

விடைகள்:

1. இட் இஸ் எ த்ரீ-அவர் ஜேர்னி. கோடு ஒன்று.
2. ஷீ இஸ் ஆன் இலெவன்-இயர்-ஓல்ட் கேர்ள். கோடு இரண்டு, முன்னால் ஆன்.
3. இட் இஸ் எ ஃபிஃப்ட்டி-கிலோ பேக் ஒஃப் சோல்ட். வெய்ஸ் விழுந்துவிட்டது.
4. இட் இஸ் எ டூ-ஸ்டோரி பில்டிங். ஹாஸ் விழுந்துவிட்டது.
5. எ 900-மெகாவொட் பவர் ஸ்டேஷன். த்ரீ 300-மெகாவொட் யூனிட்ஸ்.

ஐந்தாவதில் த்ரீ என்ற சொல்லைப் பிள்ளை கட்டுக்குள் சேர்த்திருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். அது தொகுதிகளின் எண்ணிக்கை, ஐந்து நூறு ரூபா நோட்டில் வந்த ஃபைவ் மாதிரி. அது வெளியேதான் நிற்க வேண்டும். எஸ்ஸும் கடைசியில் யூனிட்ஸ் என்பதில் மட்டும்தான். இந்த ஒன்றைப் பிள்ளை சரியாக எழுதி, ஏன் அப்படி எழுதியது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினால், இந்தப் பாடம் அதற்கு விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.